பன்னிரண்டாவது கையெழுத்து

பதினொரு பேர் போட்டுவிட்டார்கள். என் பெயருக்கு நேரே மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது. கடிதத்தை என் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டு, பேனாவை மூடி கழற்றி நீட்டினார் கட்டட முதலாளி. என் மூத்த பிள்ளை வயதுதான் இருக்கும் அவருக்கு.

“ஒரு கையெழுத்துதானேக்கா. இதுக்குப் போயி யோசிக்கிறீங்களே!”

மாத்தளை டவுனில் அவர் கட்டும் பன்னிரண்டு வீட்டு மாடியில் ஒன்று என்னுடையது. என்னுடையது என்று அப்போது சொல்ல முடியாது. மூன்றாம் மாடியில் என் வீடு வரவேண்டிய இடத்தில் வெறும் ஆகாசம்தான் இருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் ஒரு காணி உறுதிப் பத்திரம் இருந்ததில்லை. முப்பது வருசம் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்த காசு அந்த ஆகாசத்துக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

அதனால்தான் ஆரம்பத்திலேயே எஸ்க்ரோ கணக்கு உண்டா என்று கேட்டு, உண்டு என்ற பிறகே கைவைத்தேன். நாங்கள் கட்டும் தவணை முதலாளி கைக்குப் போகாது. பேங்க் நடுவில் நின்று, இந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் வைத்திருக்கும். ஒரு கட்ட வேலை முடிந்ததும் முதலாளி பில்லோடு கேட்க வேண்டும். பேங்க் அனுப்பும் இன்ஜினியர் வந்து பார்த்து, முடிந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கட்டத்துக்கான காசு மட்டும் இறங்கும். ரவிக்கைக்குக் கொக்கி வைக்காமல் நான் யாரிடமாவது கூலி கேட்டிருக்கிறேனா? அதே நியாயம்தான்.

முதலாளி கொண்டுவந்த கடிதம் இந்த நியாயத்தைத்தான் உடைத்தது. மூன்றாம் மாடி ஸ்லாப் காசை இன்ஜினியர் சான்றிதழுக்கு முந்தியே விட்டுவிட வாங்குபவர்கள் எல்லோரும் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. ஒப்பந்தத்தை மாற்ற எல்லோர் கையெழுத்தும் வேண்டும். ஒருத்தர் இல்லையென்றாலும் பேங்க் தொடாது.

“ஸ்லாப் போடாம ஸ்லாப் காசு எதுக்கு தம்பி?”

“போட்டாச்சேக்கா! நீங்களும் வந்து பாற்சோறு சாப்பிட்டீங்க!”

சாப்பிட்டது உண்மைதான். இரண்டு கிழமைக்கு முன் நல்ல நேரம் பார்த்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, சரியான நிமிசத்தில் மேசன் பாஸ் முதல் தாச்சி கொங்கிரீட்டைக் கொட்டினார். கீழேயிருந்து ஆளாளுக்குப் போட்டோ எடுத்தோம். நானும் எடுத்து, கட்டாரில் இருக்கும் மகனுக்கு “ஸ்லாப் போட்டாச்சு” என்று அனுப்பினேன், மடச்சி மாதிரி! நல்ல நேரம் நடந்துவிட்டால் வேலையே நடந்துவிட்ட மாதிரி எங்களுக்கு ஒரு நினைப்பு. இன்ஜினியர் நல்ல நேரத்துக்கெல்லாம் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதுதான் முதலாளிக்குச் சிக்கல்.

அன்று பின்னேரமே இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி சைட்டுக்குப் போனேன். ஏணியில் ஏறினேன். முழங்கால் வலியில் உயிர் போனது. மேலே பலகை அடித்து, கம்பி கட்டியிருந்தது. ஒரு மூலையில் அந்த ஒரு தாச்சி கொங்கிரீட் காய்ந்து கிடந்தது. அளந்து பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைத் துணி அளவுகூட இல்லை. எனக்குச் சிரிப்பே வந்தது.

அடுத்த நாள் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாகச் சொன்னது: “காசு அப்படியே இருக்கும்மா. ஒங்க பில்டிங்குக்கு மட்டுந்தான் அது. அவரோட வேற வேலைக்கு எடுக்க ஏலாது. நீங்க எல்லாரும் சைன் பண்ணிக் குடுத்தா, அதுக்குப் பொறகு எங்ககிட்ட வந்து அழக் கூடாது.”

வேற வேலை என்னவென்று டவுனுக்கே தெரியும். ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஹோட்டல் கட்ட முதலாளி இடம் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சைட்டில் கூட்டம். எல்லோர் கண்ணும் என்மேல்தான். வேலை நின்றால் வீட்டு வாடகை யார் கட்டுவது என்றார்கள். என் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டை வாங்கியிருந்த மருந்துக்கடை நடத்தும் பாமசி அண்ணன்தான் எல்லோருக்கும் மேலே கத்தினார்.

“லயத்துல இருந்து வந்த ஆளுங்களுக்கு மாடி வீட்டு யேவாரம் என்னா தெரியும் தங்கச்சி? முதலாளிய நம்பணும்!”

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

“லயத்துல இருந்து வந்ததுனாலதாண்ணே தெரியும். நம்புங்க, நம்புங்கன்னு சொல்லியே எங்கள உறுதியில்லாம வச்சிருந்தாங்க. நீங்க பதினொரு பேரு இல்ல, பதினோராயிரம் பேரு வந்தாலும் போட மாட்டேன். ஸ்லாப்ப போடச் சொல்லுங்க, காசு தானா வரும்.”

கடிதத்தை நாலாக மடித்து முதலாளியின் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

ஆறு கிழமை வேலை நின்றது. கம்பி துருப்பிடித்தது. யாரும் என்னோடு பேசவில்லை. யூனிபோர்ம் தைக்கக் கொடுத்த இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி படுத்தால் கட்டிய தவணைகளை எண்ணிக்கொண்டே கிடப்பேன். பிடிவாதத்தால் நானே என் வீட்டைக் கெடுத்துக்கொண்டேனோ? காலையில் எழும்பினால் மறுபடி போட மாட்டேன் என்றுதான் வரும்.

ஏழாவது கிழமை, ஒரு நல்ல நேரமும் பார்க்காமல், ரெடிமிக்ஸ் லொறி வரிசையாக வந்தது. ஒரே நாளில் முழு ஸ்லாப்பும் போட்டு முடிந்தது. கொஞ்ச நாளில் இன்ஜினியர் வந்தார், பார்த்தார், எழுதிக் கொடுத்தார். பேங்க் காசை விட்டது. என் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. நான் கடையில் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி காலரை மடித்துக்கொண்டிருந்தேன். கர்வம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

காசு இறங்கிய அடுத்த நாள் பாமசி அண்ணன் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் செத்துக்கிடந்தது.

“பலாபத்வலையில மகளுக்கு ஒரு துண்டு காணி வாங்க இதே முதலாளி கையிலதான் காசு குடுத்தேன் தங்கச்சி. அந்த வேலைக்கு எஸ்க்ரோவும் இல்ல, ஒன்னுமில்ல. ஒரு ரிசீட்டுதான். இப்ப காணிக்காரனுக்குக் காசே கட்டலையாம். எங்கடா காசுன்னு கேட்டா, ‘ஒங்க ஸ்லாப்புக்குத்தான் போட்டேன், அந்தத் தையல் அக்காதான் பேங்க் காச எடுக்க விடல’ங்கிறான்.”

நான் ஆறு கிழமை பல்லைக் கடித்துக் காத்த காசு பேங்கில் கிடந்தபோது, இவருடைய பூட்டில்லாத காசு என் வீட்டுக்கு அடியில் ஸ்லாப்பாக ஏறியிருக்கிறது. என்மேல் கத்திய மனுசன்தான். பட்டால்தான் தெரியும் என்று வாய் வரை வந்தது. எழுந்து சாவியை எடுத்தேன்.

“எழும்புங்கண்ணே. பேங்க் காசு நேத்துத்தான் அவரு கைக்கு வந்திருக்கு. அது ரிவர்ஸ்டன் ஹோட்டலுக்குப் போறதுக்கு முந்தி நாம போவோம். ரிசீட்ட எடுங்க.”

கடையைப் பூட்டினேன். முதலாளி வீட்டு கேட்டுக்குள் கார் ஸ்டார்ட்டில் நின்றது. என்னைக் கண்டதும் அவருக்குச் சலிப்பு.

“ஒங்க ஸ்லாப்தான் போட்டாச்சேக்கா. இது வேற கணக்கு. ஒங்களுக்கு என்னா இதுல?”

“இவரு மக காணிக் காசுலதானே அந்த ஸ்லாப் நிக்குது? அது மேலதான் தம்பி நான் படுத்துத் தூங்கணும்.”

நான் கார் போகிற வழியில், கேட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பாமசி அண்ணனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே கார் அணைகிற சத்தம் கேட்டது.