மரத்துக்குக் குரல் கொடுத்தேன்

எழுபதுகளின் கடைசியில் மெல்பேர்னில் ஒரு சமூக வானொலிக்காகச் சிறுவர் நாடகம் ஒலிப்பதிவு செய்தோம். அதில் ஒரு மரம் பேசும். கட்டைக்குரல் என்பதால் என் கணவர்தான் மரம். ஒலிப்பதிவு செய்தவள் தமிழ் தெரியாத ஓர் ஆஸ்திரேலியப் பெண். கணவரின் பேச்சைப் பதிந்து, மரத்தின் குரல் இன்னும் கனக்கட்டும் என்று ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டாள். குடிகாரனின் உளறல்போல இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பி, "நீ பேசிப் பார். இரண்டு மடங்கு வேகமாக, ஆனால் தெளிவாக" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்ர நிழலில கொஞ்சம் இருந்திட்டுப் போ, பிள்ளை" என்று படபடவென்று கொட்டினேன். கணவர் சிரித்தார். பாதி வேகத்தில் ஓடியபோது என் குரல் ஒரு ஸ்தாயி இறங்கி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாததாக, நிதானமாக வந்தது. அவள் அதை மாடிப்படியில் வைத்த ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, எதிரொலியை மைக்கில் பிடித்துக் கலந்தாள். எதிரொலி கூடியபோது சொற்கள் மங்கின. மொழி தெரியாதவள் அதை என் முகத்திலேயே கண்டு உடனே குறைத்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

"ஓம், இதுதான் மரம்" என்றார் கணவர். "நான் இலைச் சத்தம் போடுறன்." பழைய பத்திரிகையொன்றை எடுத்து மைக்கின் முன்னால் மெல்லக் கசக்கத் தொடங்கினார்.