திரைச்சீலைக்குப் பின்னால் பதினொரு வீடுகள்

செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் எனக்கு ஒரு சின்ன அறை உண்டு. மற்றவர்கள் எடுத்த புகைப்படங்களை அங்கே உட்கார்ந்து கணினியில் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் வெட்டி எடுக்கும் வேலை. நாற்காலியை வெட்டி வெள்ளைப் பின்னணியில் வைப்பது, மணமக்களை வெட்டி அரண்மனைக்கு முன்னால் நிறுத்துவது. நாற்காலிக்கு ஓரம் உண்டு. ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும். புகைக்கும் மெல்லிய துணிக்கும் அப்படி ஓரம் கிடையாது. அதனால் அந்த மாதிரி வேலையைப் பலர் எடுக்க மாட்டார்கள். நான் எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலையொட்டி ஒரு ரிசார்ட் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அறைகளைப் படம் எடுக்கும் வேலை என் நண்பனுக்குக் கிடைத்தது. அவன் எடுப்பான், நான் திருத்துவேன். பல வருடமாக அப்படித்தான். இரண்டாம் மாடி அறையில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால் வெள்ளை நிறத்தில் சல்லாத் திரைச்சீலை. காலை வெயில் அதன் வழியாக வழிந்து கட்டிலில் விழும்படி ஒரு படம் எடுத்திருந்தான். நல்ல படம். ரிசார்ட் மேலாளருக்கு மட்டும் பிடிக்கவில்லை. திரைக்குப் பின்னால், மங்கலாக, மதிலுக்கு வெளியே இருந்த பதினொரு வீடுகள் தெரிந்தன. ஓலையும் நீலத் தார்ப்பாயும் போட்ட மீனவர் வீடுகள்.

"திரை இருக்கட்டும். பின்னாடி கடல் மட்டும் தெரியணும்," என்று மேலாளர் போனில் சொன்னார். "அந்தக் குடிசைங்க வேண்டாம்."

திரையை மட்டும் தனியாக எடுத்து, அதற்குப் பின்னால் வேறு கடலை வைக்க வேண்டும். இதற்கு முதலில் ட்ரைமேப் என்று ஒன்று வரைவோம். படத்தின்மேல் மூன்று நிறம் பூசுவதுதான் அது. நிச்சயமாகத் திரை என்று தெரிகிற இடத்துக்கு வெள்ளை, நிச்சயமாகப் பின்னணி என்று தெரிகிற இடத்துக்குக் கறுப்பு, இரண்டும் கலந்திருக்கிற இடத்துக்குச் சாம்பல். சாம்பல் பகுதியின் ஒவ்வொரு புள்ளியிலும் திரை எத்தனை பங்கு, பின்னணி எத்தனை பங்கு என்று மென்பொருள் சுற்றியிருக்கும் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்துக் கணிக்கும். அந்தப் பங்குக்குத்தான் ஆல்ஃபா என்று பெயர். மனிதர்களை வெட்டும்போது தலைமுடியின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய சாம்பல் கோடு இருக்கும். இந்தத் திரையில் கம்பியும் கீழ்த்தையலும் துணி இரட்டையாக விழுந்த மடிப்புகளும்தான் வெள்ளை. திரையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. மீதி எல்லாம் சாம்பல்.

இரண்டு நாள் போராடினேன். ஆல்ஃபா ஓரளவு சரியாக வந்தது. ஆனால் தார்ப்பாயின் நீலம் துணியின் நிறத்தோடு கலந்துபோயிருந்தது. கடலுக்கு முன்னால் வைத்தபோதும் அந்த வீடுகளின் சாயல் திரையில் கறைபோல நின்றது.

"மச்சான், இது ஆவாது," என்றேன் நண்பனிடம். "மறுபடி போய் எடுப்போம். பின்னாடி ஒரு தபா கறுப்புத் துணி, ஒரு தபா வெள்ளைத் துணி கட்டி எடு. கேமராவும் அசையக் கூடாது, திரையும் அசையக் கூடாது."

அப்படி எடுத்தால் ஊகிக்கவே தேவையில்லை. துணி கனமாக இருக்கும் இடம் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மெலிதாக இருக்கும் இடம் ஒன்றில் கறுக்கும், மற்றதில் வெளுக்கும். அந்த வித்தியாசத்திலிருந்தே ஆல்ஃபா துல்லியமாகக் கிடைத்துவிடும்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். பால்கனிக் கம்பியில் துணியைக் கட்ட, அறை துடைக்கும் அக்கா ஒருவரை மேலாளர் அனுப்பினார். நாற்பது வயதிருக்கும். ஏசியை நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடுத்தோம். கறுப்பை அவிழ்த்து வெள்ளையைக் கட்டும்போது அந்த அக்கா கீழே கையைக் காட்டினார்.

"அதோ, செவுத்துலேந்து மூணாவதா கீது பாரு, அதான் எங்க வூடு."

"கிட்டக்கவே வேலை கிடைச்சிருக்கே," என்றேன்.

"ஆமா தம்பி. பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு ஓடியாந்துடுவேன்." பிறகு துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இது இன்னாத்துக்கு?"

"வெளிச்சத்துக்கு," என்று நண்பன் சொல்லிவிட்டான். நான் துணியின் மறுமுனையை முடிச்சுப் போட்டேன்.

அந்தப் படம் மிக நன்றாக வந்தது. திருவிடந்தைப் பக்கம் ஆளில்லாத கரையில் எடுத்த கடலைப் பின்னால் வைத்தேன். மடிப்புகளின் நடுவே கடல் கனத்து மெலிந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே அது ஒட்டுவேலை என்று தெரியவில்லை. ரிசார்ட் அதைத் தன் விளம்பரத்தின் முதல் பக்கத்தில் போட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் சில மாதமும் போயிருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். படியேறி வந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. பால்கனியில் துணி கட்டிய அக்காதான். நண்பனிடம் விசாரித்து வந்திருந்தார்.

பதினொரு வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அது ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. ரிசார்ட் திறந்த பிறகு அவசரமாகப் போட்ட குடிசைகள் என்று ரிசார்ட் தரப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்பே இருந்தவை என்று நிரூபித்தால் மாற்று இடம் கிடைக்கும். விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"போன்ல போட்டோ இல்லியாக்கா?"

"கீதே. பிறந்தநாளு, கோயில் திருவிழா, எல்லாம் கீது. மூஞ்சிதான் தெரியுது. பின்னாடி ஓலை கொஞ்சம் தெரியுது. இது எந்த ஊரு ஓலைன்னு கேக்குறாங்க. எல்லாரு ரேஷன் கார்டுலயும் பழைய குப்பத்து விலாசந்தான் கீது. மேலேந்து எடுத்த மேப்புல சவுக்கு மரந்தான் தெரியுதாம்." என் கணினியைப் பார்த்தார். "நீங்க மாடிலேந்து எடுத்தீங்களே தம்பி. செவுரும் வூடும் சேந்தாப்புல தெரியுமே."

அன்று பால்கனியிலிருந்து யாரும் வெளியே படம் எடுக்கவில்லை. இருந்தது முதல் முறை போனபோது எடுத்த அந்த ஒரு படம்தான், திரைச்சீலை மூடியபடி. நண்பன் மெமரி கார்டை எப்போதோ அழித்துவிட்டான். என் கணினியில், நான் திருத்திக் கைவிட்ட கோப்பின் அடியில், அந்தப் படம் ஒரு லேயராக, திருத்தாத அடுக்காகக் கிடந்தது.

இந்த முறை வேலை தலைகீழ். திரையைக் கழித்துவிட்டு வீடுகளை வெளியே கொண்டுவர வேண்டும். ஆல்ஃபாவும் துணியின் நிறமும் சரியாகத் தெரிந்தால் கணக்கு எளிது. கறுப்பு வெள்ளைத் துணியில் எடுத்த துல்லியமான ஆல்ஃபா என்னிடம் இருந்தது. ஆனால் முதல் படத்துக்கும் அதற்கும் இடையில் திரையைத் துவைத்து மாட்டியிருந்தார்கள். ஒரு மடிப்பும் முதல் படத்தோடு பொருந்தவில்லை. மறுபடி கையால் ட்ரைமேப் வரைந்தேன். மதிலின் நிறம் எங்கும் ஒன்றுதான் என்பதால், அதன்மேல் துணி எவ்வளவு வெளுப்பு ஏற்றியிருக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு மடிப்பின் கனத்தையும் அளந்து, அதே கனத்தை வீடுகள் இருக்கும் மேல்பக்கத்துக்கும் நீட்டினேன்.

மெலிந்த இடங்களில் வீடுகள் வந்தன. முதலில் ஒரு கூரைக் கோடு, பிறகு தார்ப்பாயின் நீலம், ஒரு கொடியில் துணிகள். துணி கனக்கக் கனக்க, பின்னாலிருந்து வந்த மிச்சம் சொற்பம். அதைப் பெரிதாக்கினால் வீட்டோடு சேர்ந்து, இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் புள்ளிக் கறைகளும் பெரிதாயின. இரட்டை மடிப்பில் ஆல்ஃபா முழுதாக ஒன்று. அங்கே துணி மட்டும்தான். பின்னாலிருந்து ஒரு துளி வெளிச்சமும் கேமராவுக்குள் போகவில்லை. இல்லாததை எந்தக் கணக்கும் கொண்டுவராது.

நான்கு வீடுகள் வீடு என்று சொல்லும்படி வந்தன. இன்னும் இரண்டின் கூரை மட்டும். மதிலிலிருந்து மூன்றாவது வீடு இரட்டை மடிப்புக்குள் இருந்தது.

அந்த அக்கா மறுபடி வந்து, கணினித் திரையில் விரல் வைத்துப் பார்த்தார். "இங்கதான் இருந்துச்சு."

"அங்க ஒண்ணும் இல்லக்கா. துணி மறைச்சிடுச்சு."

"நீ பார்த்தியே தம்பி, நான் காட்டுனேனே. பக்கத்து வூடு மாதிரியே தான் இருக்கும். அதையே எடுத்து இங்க வையேன்."

பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாமல் செய்யவும் எனக்குத் தெரியும். ஆனாலும் செய்யவில்லை. "கண்டுபிடிச்சா மத்த நாலு வூடும் பொய்யாயிடும்க்கா," என்றேன்.

அவர் எழுந்துகொண்டார். "அந்த விளம்பரத்துல கடல வைக்கும்போது மட்டும் பொய்யாவலியா?"

நான்கு வீடுகளோடு அப்படியே கோப்பைச் சேமித்தேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு நானும் போனேன். வீடுகளை எப்படி மீட்டெடுத்தேன் என்று சொல்லத் தயாராக எழுதிக்கொண்டு போயிருந்தேன். ரிசார்ட்டின் வக்கீல் எழுந்து, விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அதிகாரியின் மேசைமேல் இருந்த என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ரிசார்ட் திறக்கும் முன்பே அச்சானது. அதே ஜன்னல், அதே திரை, பின்னால் வெறும் கடல்.

"இதைச் செஞ்சது நீங்கதானா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார். அந்தக் கடல் அங்க எடுத்ததில்ல. நான் வெச்சது. அங்க வீடுங்க இருந்துச்சு."

"இந்தப் படத்துல இருக்கிற வீடுங்க?"

"அது வெச்சதில்ல சார். திரையைக் கழிச்சேன், அவ்வளவுதான்."

"கழிச்சீங்க." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்; நிஜமாகவே நேரமெடுத்துப் பார்த்தார். என் கடல் தெளிவாக இருந்தது. வீடுகள் மழையில் நனைந்த காகிதம்போல இருந்தன. "கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல் இருக்கா?"

"அழிஞ்சு போச்சு சார். ஆனா திருத்தாத படம் இந்தக் கோப்புக்குள்ளயே..."

"திருத்தின கோப்புக்குள்ள," என்றார் வக்கீல்.

ட்ரைமேப்பையும் ஆல்ஃபாவையும் பற்றிச் சொன்னேன். சாம்பல் பகுதியைக் காட்டினேன். சொல்லச் சொல்ல, நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் அங்கிருந்தவர்களுக்கு விளங்கியது. இரண்டு படங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி எழுதினார். பதினொரு குடும்பத்திடமும் வேறு ஆதாரம் ஒன்றும் இல்லை; மாற்று இடம் கிடைக்கவில்லை.

மேல்முறையீடு என்று சிலர் பேசினார்கள். அதுவும் நடக்கவில்லை. அவரவர் கிடைத்த பக்கம் போய்விட்டார்கள். அந்த அக்கா இப்போது சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு வாடகை அறையில் இருக்கிறார். தொழிற்பேட்டை கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். அவர் கணவர் விடியும் முன்னே இரண்டு பஸ் மாறிக் கடலுக்குப் போவதாகவும், பாதி நாள் படகு அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதாகவும் கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வீடுகள் தெரியும் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் வாசலிலேயே நின்று வாங்கிப் பார்த்தார்.

"இத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். உள்ளே யாரோ இருமினார்கள். அவர் போய்விட்டார். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜிஎஸ்டி சாலைக்கு நடந்தேன். அடுத்த வாரம் ஒரு திரைச்சீலைக் கடையின் படங்கள் வந்தன. முப்பத்தெட்டு திரைகள், எல்லாம் சல்லாத் துணி. செய்து கொடுத்தேன்.