பேர்ச் சீட்டுக்கு அடியில் மூன்று அலை

அந்த மருத்துவமனையின் நான்காம் மாடியில் ஊழியர்கள் சாப்பிடும் அறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லாரும் டப்பா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வயதில் பாதிகூட ஆகாதவர்களும், அவளைவிட மூத்த டாக்டர்களும் அப்படியே. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. காலை பதினொன்றரைக்கே டப்பாக்கள் வந்து மேசையில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு மைக்ரோவேவ், நூற்றைம்பது வயிறு, ஆளுக்கு இருபத்தைந்து நிமிட இடைவேளை. ஒவ்வொரு டப்பாவையும் வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பாள். ஜோசியர் கைரேகை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நர்ஸ்கள் சிரிப்பார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் டப்பாவின் அடியில் இருப்பதில் பாதிக்கு மேல் படம்தானே. முள்கரண்டியும் கோப்பையும் போட்டிருந்தால் சாப்பாடு வைக்கலாம், அவ்வளவுதான். சூட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பனிப்பூ போட்டிருந்தால் ஃப்ரீசரில் வைக்கலாம். அலை அலையாகக் கோடு போட்டிருந்தால் மட்டுமே மைக்ரோவேவ். முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகை பிளாஸ்டிக் என்று பழைய சாமான் பிரிப்பவர்களுக்குச் சொல்வதற்காகப் போட்டது. ஒன்று என்றால் தண்ணீர் பாட்டில் ரகம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலே சுருண்டுவிடும். ஆறு என்றால் மொறுமொறுவென்று உடையும் தயிர்க் கிண்ண ரகம். அதுவும் சூடு தாங்காது. ஐந்து கொஞ்சம் கெட்டி ஆசாமி.

அந்த ஐந்தை அவள் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இந்த வேலைக்கு வருமுன் பதினொரு வருஷம் பிளாஸ்டிக் கம்பெனியில் அச்சு மிஷினில் நின்றவள். மூட்டை மூட்டையாக வெள்ளைக் குருணை வரும். உருக்கி அச்சில் தள்ளினால் டப்பாவாக விழும். மணிக்கட்டு தேய்ந்துபோய் அங்கிருந்து விலகினாள். அதனால் இங்கே வந்த புதிதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஐந்தாம் நம்பர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கான கூலி முதல் வருஷமே கிடைத்தது. பெரிய நர்ஸ் ஒரு மெல்லிய டப்பா கொண்டுவந்தார். கடையில் சாப்பாடு கட்டிக் கொடுத்த டப்பா. முக்கோணத்துக்குள் ஐந்து இருந்தது, அலை இல்லை. உள்ளே தக்காளியும் எண்ணெயும் மிதக்கிற இறைச்சிக் கறி. நான்கு நிமிடம் வைத்து எடுத்தாள். பாதி தூக்கும்போதே டப்பாவின் பக்கச் சுவர் துணி மாதிரி மடங்கியது. கறி முழுக்க அவள் இடது கையில் கொட்டியது. ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தாள். மருத்துவமனைக்குள்ளேயே நடந்ததால் சிகிச்சைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். பிறகு அவரே ஒரு மாதமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார்.

கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் யோசித்தாள். தண்ணீர் கொதிக்கிற சூட்டோடு நின்றுவிடும். எண்ணெய் நிற்காது, அதற்கு மேலேயும் ஏறிப் போகும். சர்க்கரைப் பாகும் அப்படித்தான். குருணை ஒன்றாக இருந்தாலும், ஒரு தடவை சாப்பிட்டுத் தூக்கிப் போடுவதற்கான மெல்லிய டப்பாவும், சூடு பண்ணுவதற்கென்றே தடிப்பாக வார்த்த டப்பாவும் ஒன்றாகிவிடுமா? எண் ஜாதகத்தைத்தான் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து அலை இருந்தால்தான் மைக்ரோவேவ், இல்லாவிட்டால் தட்டில் மாற்றிப் போட்டுச் சூடு செய்வாள். யாருக்காகவும் அந்த விதியைத் தளர்த்தியதில்லை.

மருத்துவமனைக்கு இருபத்தைந்து வயது நிறைந்த வருஷம், நிர்வாகம் ஊழியர் எல்லாருக்கும் ஒரு சாப்பாட்டு டப்பா பரிசாகக் கொடுத்தது. வெள்ளைக் கிண்ணம், கண்ணாடி போலத் தெளிவான மூடி, நாலு பக்கமும் க்ளிப். மாறிப் போகாமலிருக்க, ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் வாங்குபவரின் பெயரையும் பிரிவையும் அச்சடித்துச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அவளுக்கும் ஒன்று வந்தது. அங்கே யாரும் வாயால் சொல்லாத அவளுடைய முழுப்பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அதில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் சீட்டு தெரியும்படி கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் வரிசையில் முக்கால்வாசி அதே வெள்ளை டப்பாக்கள்தான். அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். முள்கரண்டி, பனிப்பூ, ஐந்து. அலை இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பார்த்தாள். எதிலும் இல்லை. எல்லாவற்றையும் தட்டில் மாற்ற ஆரம்பித்தாள். தட்டு போதவில்லை, கழுவித் துடைத்து மறுபடி போடுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. இடைவேளை முடிந்தும் பாதிப் பேர் ஆறிய சோற்றை விழுங்கிவிட்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜரே மேலே வந்தார். அந்த டப்பாவைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"மைக்ரோவேவுக்கு ஆகும்னு விக்கிறவங்க சொல்லித்தாம்மா வாங்கினோம்," என்றார்.

"விக்கிறவங்க சொல்லுவாங்க சார். டப்பா சொல்லலையே."

"நூத்தம்பது பேர் பசியோட நிக்கிறாங்க."

"பசியோட நிக்கலாம் சார். கையில கட்டோட நிக்கக் கூடாது."

அவர் அவள் இடது கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நாற்பது தட்டு கூடுதலாக அனுப்பச் சொன்னார். அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் அன்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

எக்ஸ்ரேக்காரருக்கு மட்டும் பொறுமை இல்லை. வெறும் டப்பாவையும் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்ததாகவும், தண்ணீர் சுட்டது, டப்பா சுடவில்லை, அதனால் பயமில்லை என்றும் வாதாடினார். வெறும் டப்பா சுடாமலிருப்பது பெரிய விஷயமில்லை, எண்ணெய்க் கறி உள்ளே இருக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டாம் மாடி டாக்டர்கள் அறையிலிருக்கும் மைக்ரோவேவுக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார், டப்பாவை இரு கையாலும் ஏந்திக்கொண்டு. க்ளிப் நான்கையும் பூட்டியபடியே வைத்திருக்கிறார். உள்ளே ஆவி முட்டி, ஒரு க்ளிப் பட்டென்று விட்டு, கறி மைக்ரோவேவ் சுவரெல்லாம் தெறித்திருந்தது. தெளிவான மூடி நடுவில் உப்பி, ஒரு மூலை சுருண்டு, வெயிலில் விட்ட அப்பளம் மாதிரி கிடந்தது.

"நீங்க சொன்னது சரிதான்க்கா," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

அக்கா டப்பாவை வாங்கிக் கழுவினாள். கழுவும்போதே அவளுக்கு என்னவோ உறுத்தியது. மூடி அந்தப் பாடு பட்டிருக்கிறது. கிண்ணம் இம்மிகூட வளையவில்லை. எண்ணெய் நின்ற மட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். விரலால் தடவினாள், வழவழப்பாகவே இருந்தது. மேசையில் வைத்தாள், ஆடாமல் உட்கார்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம், உள்ளே ஏழு. ஏழு என்றால் மற்ற வகைகள் எல்லாம் சேர்ந்த கதம்பம். இத்தனை நாளும் கிண்ணத்தின் அடியை மட்டுமே பார்த்திருக்கிறாள். மூடி வேறு பிளாஸ்டிக்காக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

கிண்ணத்தை மறுபடி தூக்கினாள். அடிப்பாகத்தில் பாதியை எக்ஸ்ரேக்காரரின் பேர்ச் சீட்டு மறைத்திருந்தது. அடுத்தவர் பெயரைக் கிழிக்க மனம் வரவில்லை. அவரும் கிளம்பிப் போயிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சீட்டு போனால் என்ன, பேர் போகாதே என்றார். அவள் வெந்நீரில் நனைத்த துணியைச் சீட்டின் மேல் போட்டு ஊறவைத்து, நகத்தால் ஓரத்திலிருந்து உரித்தாள். பெயர் நடுவில் கிழிந்து இரண்டாக வந்தது. அடியில் மூன்று அலைக் கோடு, அச்சிலேயே வார்த்தது, விரலுக்குத் தட்டுப்பட்டது. பக்கத்தில் மூடியின் படம், குறுக்கே ஒரு கோடு.

காலையில் முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் மேசையில் கம்பெனிக்காரர்களின் பதில் அப்போதுதான் வந்திருந்தது: கிண்ணத்தை மூன்று நிமிடம் வரை சூடு செய்யலாம், மூடியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அவர் அதை வாசித்துக் காட்டுவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"பத்து டப்பா பார்த்தேன் சார், ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கல. தப்பு என்மேலதான். எல்லாரையும் நாலு நாளா ஆறிப்போனதைத் தின்ன வெச்சுட்டேன்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "சீட்டை அங்க ஒட்டச் சொன்னது நான். மூடியைப் பத்தி நானும் கேக்கலையே," என்றார்.

அன்று மத்தியானம் வரிசையில் நின்றவர்களிடமும் அவள் அதையே சொன்னாள், யாரும் கேட்காமலேயே. சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் கைதட்டினார்கள். மூடிகளைக் கழற்றி ஒரு கூடையில் போட்டாள். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கொஞ்சம் விலக்கிக் கவிழ்த்து, ஆவி போக வழி விட்டு, இரண்டு நிமிடம் வைத்தாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

பெரிய நர்ஸ் தன் டப்பாவில் விழுந்த மஞ்சள் கறையைக் காட்டி, விஷம் ஏறிவிட்டதா என்று கவலையோடு கேட்டார். மஞ்சளின் நிறமும் தக்காளியின் சிவப்பும் எண்ணெயில் கரையும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது எண்ணெயோடு சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அக்கா விளக்கினாள். சோப்பு மேலோடு போய்விடுவதால் அதை எடுக்காது. மஞ்சளை வெயில் கொஞ்சம் வெளுக்கும். கறையால் ஆபத்து இல்லை.

"விரலை வெச்சுப் பாருங்கம்மா. சொரசொரன்னு குழி விழுந்திருந்தாலோ, கீறியிருந்தாலோ அதுல சூடு பண்ணாதீங்க. பருப்பு, பிஸ்கட் போட்டு வெச்சுக்கலாம். கறி கொண்டுவந்தா தட்டுல கொட்டிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்."

நர்ஸ் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் வெளியே காத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு மைக்ரோவேவ் வைப்பது என்று முடிவானது. பக்கத்தில் மாட்ட ஒரு பலகை வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டுமாம். அக்கா மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அலைக் கோடு, கழற்றி வைத்த மூடி, உரித்த சீட்டு என்று ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டாள். அலைகளைச் சரியாக வரைய அதிக நேரம் பிடித்தது, வளைவு எல்லாம் பாம்பு மாதிரி வந்துகொண்டிருந்தது.