ஊசி இரத்தமா, வருத்த இரத்தமா

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். சனங்கள் சொல்வதைக் கேட்டு வைத்திருப்பது எனக்கு ஒரு பழக்கம். இரத்தம் கொடுக்க வந்து கதிரையில் இருக்கும்போது மனிதர்கள் சொல்லுகிற கதைக்கு நிகரில்லை. ஊசியைக் கண்டதும் ஒருவர், "தம்பி, யானை துரத்தினாலும் ஓடலாம், நீர் கையை எல்லோ பிடிச்சு வைச்சிருக்கிறீர்" என்றார். அவர் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்காரர். அப்படிக் கேட்டுக்கேட்டு நானும் வாய் நீண்டவனாகிவிட்டேன். அந்த நீளம் ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இது.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் நான்கு வயதுப் பெண் பிள்ளையோடு வந்திருந்தா. இரண்டு நாள் காய்ச்சல், அன்று விடிய ஒரு வலிப்பு. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று பிள்ளைகள் வாட்டு டொக்டர் சந்தேகப்பட்டா. உடனே நரம்பு வழியாக மருந்தைத் தொடங்கிவிட்டு, முதுகின் முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து எங்களுக்கு அனுப்பினா. பிள்ளை துள்ளியதில் ஊசி ஒரு சின்ன இரத்தக்குழாயில் பட்டுவிட்டது. மூன்று ரியூப்பில் நீர் வந்தது. முதலாவது சிவப்பு, இரண்டாவது குறைவு, மூன்றாவது இன்னும் குறைவு. ரியூப்புக்கு ரியூப் நிறம் இப்படித் தெளிந்துகொண்டு போனால் இரத்தம் ஊசியால் வந்தது. உள்ளேயே கசிந்த இரத்தமென்றால் மூன்றும் ஒரே நிறமாக இருக்கும்.

ஆனால் அதோடு கேள்வி முடிவதில்லை. முதுகுத்தண்டு நீரில் வெண்குழியங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேதான் இருக்கவேண்டும். கூடினால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகம். இரத்தத்திலோ வெண்குழியம் ஏராளம். ஊசியால் இரத்தம் கலந்தால் அதோடு சேர்ந்து வெண்குழியமும் வந்துவிடும். வந்தவை எத்தனை, முதலே அங்கே இருந்தவை எத்தனை என்று பிரிக்கவேண்டும். டொக்டர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: நீர் சுத்தமென்றால் மருந்தை நிறுத்திவிட்டு நாளை வீட்டுக்கு விடுவா. சுத்தமில்லையென்றால் பிள்ளை பத்து நாளுக்கு மேல் மருந்தில் கிடக்கவேண்டும்.

தாய் எங்கள் யன்னலுக்கு வந்து நின்றா. அவாவின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவா கதைக்கிற தமிழில் அந்தப் பக்கம் இன்னும் இருந்தது.

"அண்ணே, அது ஊசி குத்தினதால வந்த ரத்தமா, வருத்தத்தால வந்த ரத்தமா?"

வருத்தம் என்றால் எங்கள் பக்கம் நோய். பெரிய புத்தகங்கள் இரண்டு பக்கத்தில் கேட்கிற கேள்வியை அவா ஒரு வரியில் கேட்டா. அதை நான் அன்றைக்கே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வாட்டிலே போய் இருங்கோ என்றேன். முடிவை டொக்டர்தான் சொல்லவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அதை அந்த நேரம் மறந்தேன்.

முதுகுத்தண்டு நீரைக் காக்க வைக்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் தாண்டினால் குழியங்கள் உடையத் தொடங்கும். என்னோடு வேலை செய்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற இளையவரிடம், செங்குழியம் எண்ணுவதற்கு மூன்றாவது ரியூப்பிலிருந்து எடுத்துச் சேலைன் கலந்து ஐதாக்கி வையும் என்று சொன்னேன். அதே ரியூப்பிலிருந்து வெண்குழியத்துக்கு நானே கலந்தேன். அதற்கு அசற்றிக் அமிலத்தில் ஊதாச் சாயம் போட்ட நீர் இருக்கிறது. அது செங்குழியங்களை உடைத்துவிடும், வெண்குழியங்களின் கருவுக்கு நிறம் பிடிக்க வைக்கும். சரிக்குச் சரி கலந்ததால் இரண்டு மடங்கு. தங்கச்சி தன் ரியூப்பைத் தட்டில் வைத்துவிட்டு இரத்தம் எடுக்கிற அறைக்குப் போய்விட்டா. கிளினிக் நாள், வெளியே வரிசை வீதி வரைக்கும் நின்றது.

எண்ணும் சேம்பர் என்பது தடித்த கண்ணாடித் துண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் ஒன்பது பெரிய சதுரம், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் நீளம், ஒரு மில்லிமீற்றர் அகலம். மேலே மூடிக்கண்ணாடியை அழுத்தி வைத்தால், அதன் ஓரத்தில் வானவில் வளையம் தெரியவேண்டும். தெரிந்தால் இடைவெளி சரியாக மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. வளையம் வராவிட்டால் எண்ணுவதில் பிரயோசனமில்லை. துளியை ஓரத்தால் விட்டு, ஈரப்பஞ்சு வைத்த கிண்ணத்துக்குள் சில நிமிடம் மூடி வைத்தேன், குழியங்கள் அடியில் படியும்வரை. பிறகு எண்ணினேன். மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் முட்டியவை சேர்த்தி, கீழும் வலதும் முட்டியவை சேர்த்தியில்லை. இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு சதுரத்தில் எண்ணிவிடுவோம்.

ஒன்பது சதுரத்தில் வெண்குழியம் இருபத்தேழு. ஒன்பது சதுரமும் சேர்ந்து ஒரு மைக்ரோலீற்றரில் பத்தில் ஒன்பது பங்கு. அதனால் ஒரு முழு மைக்ரோலீற்றருக்கு இருபத்தேழு முப்பதாகும், இரண்டால் பெருக்க அறுபது. பிறகு தங்கச்சியின் ரியூப்பிலிருந்து விட்டு எண்ணினால் செங்குழியம் நூற்றெண்பது. அது இருநூறாகும், நூறால் பெருக்க இருபதாயிரம்.

அன்று காலை பிள்ளையின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தின் அறிக்கையும் மேசையில் இருந்தது. வெண்குழியம் பன்னிரண்டாயிரம், செங்குழியம் நாற்பது லட்சம். பிரித்துப் பார்த்தால் ஆயிரம் செங்குழியத்துக்கு மூன்று வெண்குழியம். இருபதாயிரம் செங்குழியம் உள்ளே வந்திருந்தால் அதோடு வந்த வெண்குழியம் அறுபது. நீரில் இருந்ததும் அறுபது. கழித்தால் பூச்சியம்.

எண்கள் இப்படிப் பொருந்தி வருவதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோசம் வரும். அந்தச் சந்தோசத்தில் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து, வெண்குழியம் எல்லாம் ஊசி இரத்தத்தோடு வந்தவைதான் என்று சொன்னேன். அதோடு விட்டேனா? வாட்டுப் பக்கம் வேறொரு றிப்போட்டைக் கொடுக்கப் போனவன், தாயைக் கண்டதும், "அம்மா, பயப்படாதேங்கோ, அது ஊசி இரத்தம்தான், வேறொண்டும் இல்லை" என்றேன். அவா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக் கட்டிலில் வைத்தா.

திரும்பி வந்து மேசையைத் துப்பரவாக்கினேன். மூன்று ரியூப்பையும் தட்டில் நேராக்கும்போதுதான் மூன்றாவது ரியூப்பைச் சரியாகப் பார்த்தேன். பீற்றூட் கழுவிய கடைசித் தண்ணீர் போல மெல்லிய நிறம். இருபதாயிரம் செங்குழியம் இருக்கிற நீர் அப்படி நிற்காது. செவ்வரத்தம்பூவைப் பிழிந்தது போல இருக்கும்.

தங்கச்சி உள்ளே வந்தா. எத்தனை மடங்கு ஐதாக்கினீர் என்று கேட்டேன்.

"பத்து மடங்கு, அண்ணை. நிறத்தைப் பாத்துத்தான் செய்தனான். நூறு மடங்கெண்டால் சேம்பரிலை எண்ண ஒண்டும் மிஞ்சாது."

அவா செய்தது முழுக்கச் சரி. பிழை என்னுடையது. அந்த மாதம் முழுக்க டெங்கு. மெசின் தடுமாறுகிற இடங்களில் டெங்கில் குறைகிற இரத்தத்தட்டுக்களைச் சேம்பரில் வைத்து நூறு மடங்கில் எண்ணி எண்ணி, சேம்பரைத் தொட்டால் நூறால் பெருக்குவது கைக்குப் பழகிவிட்டது. நான் அவாவைக் கேட்கவில்லை, ரியூப்பைப் பார்க்கவும் இல்லை.

பத்தால் பெருக்கினால் செங்குழியம் இரண்டாயிரம். அதோடு வந்த வெண்குழியம் ஆறு. அறுபதில் ஆறு போக ஐம்பத்து நான்கு. அந்த ஐம்பத்து நான்கும் ஊசிக்கு முதலே அந்தப் பிள்ளையின் முதுகுத்தண்டுக்குள் இருந்தவை.

வேலை ஓடியது. புதிதாகக் கலந்தோம், சேம்பரின் இரண்டு பக்கமும் நிரப்பினோம், ஒரு பக்கத்தை அவா எண்ணினா, மற்றதை நான் எண்ணினேன், ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல். செங்குழியம் அவாவுக்கு நூற்றெழுபத்தாறு, எனக்கு நூற்றெண்பத்து நான்கு. வெண்குழியம் இருபத்தாறும் இருபத்தெட்டும். பத்து நிமிடம் அப்படிப் போனது. மிச்ச நீரை மெசினில் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடியில் பூசிச் சாயம் போட்டுப் பார்த்தால், வெண்குழியங்களில் அதிகம் மடல் மடலாகப் பிரிந்த கருவுள்ளவை. கிருமிக்கு எதிராக முதலில் ஓடி வருபவை அவைதான்.

தொலைபேசியை எடுத்தேன். தங்கச்சி வேறு வேலை செய்வது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

"டொக்டர், நான் முதல் சொன்னது பிழை. ஐதாக்கினதைப் பிழையாப் பெருக்கிப்போட்டன். ஊசி இரத்தத்தைக் கழிச்சாலும் ஐம்பத்து நாலு மிச்சம் நிக்குது."

"மருந்தை நிப்பாட்டச் சொல்லிக் கட்டில் குறிப்புத் துண்டிலை எழுதத்தான் பேனையை எடுத்தனான்" என்றா டொக்டர். "இன்னொருக்கா எண்ணிப் பாக்கலாமோ?"

"எண்ணிப்போட்டுத்தான் எடுக்கிறன். ரெண்டு பேரும் எண்ணினது."

"அப்ப மருந்து தொடரும்." பிறகு குரலை மாற்றாமலே, "அந்த அம்மா உடுப்பு அடுக்குறா. நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப நீங்களும் வாங்கோ. சொன்ன வாயும் பக்கத்திலை நிக்கட்டும்."

வாட்டில் டொக்டர்தான் விளக்கினா. நான் கட்டில் காலடியில் நின்றேன். தாய் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா.

"மொத எண்ணினதும் நீங்கதானே, இப்ப எண்ணினதும் நீங்கதானே. எத நம்பறது அண்ணே?"

"முதல் எண்ணின நேரம் நான் இந்தப் பிள்ளையின்ரை தண்ணியைப் பாக்கேல்லை, அம்மா. கணக்கை மட்டும் பாத்தனான். இப்ப பாத்துட்டன். ரெண்டு பேர் வேறை வேறையா எண்ணி ஒரே விடை வந்தது. இதை நம்புங்கோ."

அவாவின் கைக்குழந்தை வீட்டில் நாத்தனாரிடம் இருந்தது. என்றாலும் பையைத் திறந்து, மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலுமாரித் தட்டில் திரும்ப வைத்தா. எனக்கு அதைவிடப் பெரிய பதில் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை சோறு கேட்டது, அதற்கடுத்த நாள் தாதியின் மணிக்கூட்டைக் கேட்டது. தாய் ஒவ்வொரு நாளும் எங்கள் யன்னலைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னைக்கி எத்தன மடங்கு அண்ணே?" என்பா. வாட்டில் யாரோ முழுக்கதையையும் சொல்லியிருந்தார்கள். தங்கச்சி ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுவா.

மருந்து முடிந்து அவர்கள் பஸ்ஸுக்குப் போன காலை, வேறொருவரின் முதுகுத்தண்டு நீர் வந்திருந்தது. தங்கச்சி ஐதாக்கி வைத்த ரியூப்பில் வெள்ளைப் பிளாஸ்ரர்த் துண்டு ஒட்டி, கொட்டை எழுத்தில் "20" என்று எழுதியிருந்தா. நான் அதை வாசித்தேன், ரியூப்பை யன்னல் வெளிச்சத்தில் தூக்கி நிறத்தையும் பார்த்தேன், பிறகுதான் சேம்பரை எடுத்தேன்.