பச்சை டிக்கும் எடைச் சீட்டும்

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில், எடை மேடையில் பல வருடம் சீட்டுக் கொடுத்தேன். அந்த யார்டுக்கு சாஃப்ட்வேர் செய்த சிறு கம்பெனிதான் பிறகு என்னை, அந்த சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வண்டி வந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்தவன் வேண்டுமாம்.

எங்கள் சாஃப்ட்வேரில் பாதி நாங்கள் எழுதியதில்லை. லைப்ரரிகள் என்று, வெளியில் யார் யாரோ எழுதி வைத்த ஆயத்த புரோகிராம்கள். அவற்றுக்குப் புதுப் பதிப்பு வந்தால், பாட் என்கிற தானியங்கி புரோகிராம் ஒன்று, ‘இதைச் சேர்க்கலாமா’ என்று திங்கட்கிழமை காலையில் புல் ரெக்வெஸ்ட் போட்டு வைக்கும். பத்து, பன்னிரண்டு. டெஸ்டுகள் தாமே ஓடி, தேறினால் பச்சை டிக் விழும். அதற்குப் பிறகும் நான் ஒவ்வொன்றையும் கையால் சோதித்தால்தான் உள்ளே சேரும். எனக்கு அது பிடித்திருந்தது. முகம் தெரியாத ஒருவன் எழுதியதை எப்படி நம்புவது?

டீம் லீடுக்குப் பொறுமை போய்விட்டது. நாசரேத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“அண்ணாச்சி, பதிப்பு எண்ணுல மூணாவது நம்பர் மட்டும் மாறுனா சின்ன பிழைத் திருத்தம்தான். டெஸ்டும் பச்சை. பாட்டே சேத்துரட்டும். இன்னும் என்னத்தச் சந்தேகப்படுதிய?”

“சின்னதுன்னு சொல்லுதது யாரு? அதை எழுதுனவந்தானம்மா?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டே சேர்த்துவிட்டால் நான் எதற்கு? அந்தப் பயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒரு மாதத்துக்குப் பாட் எதையும் சேர்க்காது. ‘சேர்த்திருப்பேன்’ என்று லேபிள் மட்டும் ஒட்டும். நான் வழக்கம்போலச் சோதிப்பேன். இரண்டு முடிவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

மூன்று வாரம் ஒத்தேபோனது. பிழை வந்தால் யார்டுக்குக் கேடு, வராவிட்டால் எனக்குக் கேடு.

நான்காம் வாரம், பி.டி.எஃப். செய்யும் லைப்ரரி. மூன்றாவது நம்பர்தான் மாறியிருந்தது. பச்சை டிக், லேபிள், எல்லாம் இருந்தன. கட்டம் போட்டு அச்சடித்த யார்டுத் தாளில் ஒரு எடைச் சீட்டை பிரின்ட் எடுத்தேன். பழைய சீட்டின்மேல் அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எடை மேடையில் கள்ளச் சீட்டைப் பிடிக்க நாங்கள் செய்வது அப்படித்தான்.

எண்கள் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. வெற்று வண்டியின் எடை, மொத்த எடைக்கான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. வாசல் கேட்டில் நிற்கிற ஆள் கட்டத்தைத்தான் பார்ப்பான். எடை பொருந்தவில்லை என்று வரிசையாக எல்லா லாரியையும் திருப்பி அனுப்பியிருப்பான்.

கூப்பிட்டுக் காட்டினேன். லீட் அந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்பைத் திறந்து படித்தார். மேல் மார்ஜின் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பிழைக்கு ஏற்றபடி நாங்கள் எப்போதோ ஒரு வரி இடம் குறைத்து வைத்திருந்தோம். அவர்கள் சரிசெய்ததும் எங்களுடையது கோணலாகிவிட்டது. எங்கள் டெஸ்டோ எண்கள் சரியா என்று மட்டும் பார்த்தது, எங்கே விழுகின்றன என்று பார்க்கவில்லை.

“பாத்தியளா?” என்றேன்.

“பாத்தேன். சரி, மத்ததுல என்ன கண்டுபிடிச்சிய?”

“ஒண்ணும் இல்ல.”

“நாம எழுதுத புரோகிராம் வரிகளை ஒழுங்குபடுத்துத டூல் ஒண்ணு வந்துச்சே, அது நம்ம கம்ப்யூட்டரைத் தாண்டாது. அதை எப்படிச் சோதிச்சிய?”

பொய் சொல்ல வரவில்லை. “லாகின் பக்கத்தைத் தொறந்து பாத்தேன்.”

“எதுக்கு?”

“பயத்துலதாம்மா.”

இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று மத்தியானம் பட்டியலைப் பிரித்தது நான்தான். எங்கள் கம்ப்யூட்டரோடு நிற்கிற டூல்களில் மூன்றாவது நம்பர் மட்டும் மாறி, டெஸ்டும் பச்சை என்றால் பாட்டே சேர்க்கலாம். அதிலும், வெளியாகிச் சில நாள் ஆறட்டும் என்றேன். கெட்டது ஏதும் கலந்திருந்தால் அதற்குள் ஊர் கூச்சல் போடும். தாளையும் எடையையும் லாகினையும் தொடுவது எதுவும் ஆள் பார்க்காமல் சேரக்கூடாது. சீட்டைப் படமாக எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட ஒரு டெஸ்ட் எழுதுவதாக லீட் சொன்னார். என் ஜன்னல் வேலையும் போகிறதே என்று நினைத்துக்கொண்டேதான் பழைய சீட்டை அவரிடம் கொடுத்தேன்.

அவர் விதிகள் எழுதும் ஃபைலைத் திறந்து, பிரின்ட் சம்பந்தப்பட்டவற்றுக்கு நேரே என் பெயரைப் போட்டார். நான் ஒப்புதல் கொடுக்காமல், உள்ளே சேர்க்கிற மெர்ஜ் பட்டன் வேலை செய்யாது. பெயரைச் சரியாக அடித்திருக்கிறாரா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

அடுத்த திங்கள் பாட் ஏழைத் தானே சேர்த்துக்கொண்டது. நான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, அதுதான் உள்ள போயிட்டுல்லா?”

“தெரியும்மா. போனது போனபடி கெடக்கான்னு பாக்கேன்.”