அவள் மறந்துபோன இடம்

கணபதிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாய்மொழி தினப் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் வருஷா வருஷம் இந்தத் தண்டனை எனக்கு உண்டு. சொல்வளம், உச்சரிப்பு, கருத்து, அவையைக் கவர்தல் என்று நான்கு கட்டம் போட்ட தாள். நடுவர்கள் மூன்று பேர். மூவர் மதிப்பெண்ணையும் கூட்டி, முதலாவதாக வருகிற ஒருவரை மட்டும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

தலைப்பு, தாய்மொழியின் பெருமை. கருமம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஆசிரியை எழுதிக் கொடுத்திருக்கிறார்! கை தூக்குகிற இடம்கூட மாறவில்லை. மூன்றாவது பிள்ளை பேசும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பிறகு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். மறந்துபோயிற்று. ஓரத்தில் நின்ற ஆசிரியை வாயசைத்து எடுத்துக்கொடுத்ததுகூட அவளுக்கு எட்டவில்லை. மென்று விழுங்கிவிட்டுத் தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"எங்கப்பனுக்கு லேத்துப் பட்டறைல வேலைங்க. அந்த இரைச்சல்ல காது போயிருச்சுங்க. ஊட்டுல நான் கத்தித்தான் பேசோணும். சோறு தின்னீங்களான்னு கேக்கறதுக்கும் கத்தோணும். பக்கத்தூட்டுக்காரங்க சண்டைன்னு நெனச்சுக்குவாங்க."

மண்டபம் சிரித்தது.

"எனக்குக் கோவம் வந்தா மட்டும் மெதுவாப் பேசுவேனுங்க. அவருக்குக் கேட்டுடக்கூடாதுன்னு."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்த பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் பேசு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதற்குள் மனப்பாடம் ஞாபகம் வந்து தொலைத்தது. "ஆகவே, கன்னித்தமிழாம் நம் செம்மொழி" என்று கையைத் தூக்கினாள். மண்டபம் பழையபடி நெளியத் தொடங்கியது.

அவையைக் கவர்தலில் முழு மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்தால் அவளுக்கு மூன்றாமிடம்கூட இல்லை. தடுமாறாமல் ஒப்பித்த பையன் முதலிடம்.

பக்கத்தில் இருந்த நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "ஏனுங்க ஐயா, கூட்டமே அந்தப் புள்ளயத்தான கேட்டுச்சு?" என்றேன்.

"அதெப்படிங்க அம்மணி? நடுவுல நின்னுபோட்டா. தலைப்ப உட்டுட்டு ஊட்டுக்கதைக்குப் போயிட்டா. வீட்ட ஊடுங்கறா. உச்சரிப்புக்கு என்னத்தப் போடறது?"

மூன்றாவது நடுவரும் தலையாட்டினார். சண்டை போட்டேன். கூட்டியது கூட்டியதுதான் என்று பள்ளிக்காரர்கள் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் ஆசிரியை அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். "மானத்த வாங்கிட்டயே! அத்தன தடவ ஒப்பிச்சயே, எங்க போச்சு?" அவர் போகும்வரை காத்திருந்து அருகில் போனேன்.

"நீ மறந்துட்டுப் பேசினதுதான் கண்ணு நல்லாயிருந்துச்சு. அதுக்குத்தான் நான் முழு மார்க் போட்டேன்."

அவள் நிமிரவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அடுத்த வருசம் மறக்க மாட்டேனுங்க மிஸ்," என்றாள். "எங்கப்பன் பேச்சே எடுக்க மாட்டேனுங்க."

அதை மட்டும் மெதுவாகத்தான் சொன்னாள்.