எட்டுக்கும் பத்துக்கும் நடுவே

எங்க பாட்டியோட மிட்டாய்க் கடை படகுத்துறை வாசல்ல இருந்துச்சு. கட்டடம் அவளுதில்ல, பக்கத்துல விலைப் போர்டு மாட்டி வெளிநாட்டுப் பணம் மாத்துறாரே, அந்தப் போர்டுக்காரரோடது. அந்த மனுஷன் முகம் சுளிச்சா கடை போச்சு. கடை போனா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. சின்னப் புள்ள எனக்கே அது தெரியும்.

அன்னைக்கு ஊர் திரும்புற ஒரு அம்மா, அவர் கடையிலேர்ந்து இறங்கி எங்க வாசல்ல நின்னு கொதிச்சாங்க. "வந்தப்ப எங்க காசு ஒண்ணுக்கு உங்க காசு எட்டு குடுத்தாரு. அதுல மிச்சம் தொண்ணூறு இருக்கு, எங்க காசாத் திருப்பிக் குடுங்கன்னா, இப்ப ஒண்ணுக்குப் பத்து கேக்குறாரு!"

"ஏன் பாட்டி, ஒரே காசுக்கு ரெண்டு விலை?"

பாட்டி என் கையில ஒரு மிட்டாய வச்சா. "இதை எனக்கு எட்டுக்கு வித்துடு." குடுத்தேன். "இப்போ திரும்ப வேணுமா? பத்து எடு."

"அடிப் பாவி! இது அநியாயம்!"

"காசும் ஒரு சரக்குதான்டி. வாங்குறதுக்கு ஒரு விலை, விக்கிறதுக்கு ஒரு விலை. நடுவுல நிக்கிற ரெண்டுதான் அவர் பொழப்பு. நானும் கடைக்காரிதான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவர்கிட்டதான் மாத்தணும்னு தலையெழுத்தா என்ன?"

அப்பதான் படகுலேர்ந்து இறங்கின ஒரு அண்ணன் வந்தாரு. அந்த அம்மாவோட ஊர்க்காரர். கையில அந்த ஊரு நாணயம் பத்து. நோட்டுன்னா வாங்குவேன், சில்லறை வேணாம்னு போர்டுக்காரர் விரட்டிட்டாராம். மிட்டாய் வாங்கக்கூட வழியில்லாம முழிச்சாரு.

எனக்குப் பொறி தட்டுச்சு. "பாட்டி! அவங்களுக்கு வேண்டியது இவர்கிட்ட இருக்கே!"

"அப்ப விலையச் சொல்லு."

"எட்டும் வேணாம், பத்தும் வேணாம். ஒம்போது!"

அம்மா தொண்ணூறக் குடுத்தாங்க, அண்ணன் பத்து நாணயத்தையும் குடுத்தாரு. போர்டுக்காரர்கிட்டப் போயிருந்தா அம்மாவுக்கு ஒம்போது நாணயந்தான் கிடைச்சிருக்கும். அண்ணனுக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது. சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொட்டலம் மிட்டாய் வாங்கினாங்க.

போர்டுக்காரர் வேகவேகமா பாட்டிகிட்ட வந்தாரு. "பணம் மாத்த லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

"நான் எங்க மாத்தினேன்? அவங்களுக்குள்ள மாத்திக்கிட்டாங்க. சல்லிக்காசு நான் எடுக்கல. மிட்டாய் வித்தேன், அவ்ளோதான்."

"மாசக் கடைசியில கடையக் காலி பண்ணு!"

என் வாயாலதானே வந்துச்சு இவ்வளவும்? அழுதேன். பாட்டி அவரப் பாக்கவே இல்ல. கையத் தொடைச்சுக்கிட்டே என்னப் பாத்தா.

"மூக்கச் சிந்து. உள்ள இருக்குற ரெண்டு நாற்காலியையும் கொண்டாந்து வாசல்ல போடு. போறவங்களுக்கு ஒண்ணு, வர்றவங்களுக்கு ஒண்ணு. மாசம் முடிய இன்னும் நாள் கிடக்கு."

தரதரன்னு இழுத்துட்டு வந்து போட்டேன், அவரோட போர்டுக்கு நேர் கீழ.